பள்ளிக்குக் கிளம்பும்போது மட்டும் வரும் வயிற்றுவலி: பயம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மீனா_மதுரை

வணக்கம். என் மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. நவம்பர் மாதத்திலிருந்து பள்ளி நாட்களில் காலையில் வயிறு வலிக்கிறது என்கிறாள். ஆறரைக்கு எழும்போது நன்றாகத்தான் இருப்பாள். குளித்துவிட்டு வரும் வரைக்கும் பேச்சு ஓயாது. சீருடையை எடுத்துக் கட்டில்மேல் வைத்ததும் தொப்புளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். இட்லி இறங்காது. சில நாள் குமட்டும், வாந்தி வராது. ஏழே முக்காலுக்கு வேன் வரும்போது முகம் வெளிறி, கை சில்லென்று இருக்கும்.

சரி என்று வீட்டில் வைத்துக்கொண்டால் பத்து மணிக்கெல்லாம் தோசை கேட்கிறாள், விளையாடுகிறாள். அரையாண்டு விடுமுறையில் வலியே இல்லை. பொங்கல் முடிந்து பள்ளி திறந்ததும் முன்பைவிட அதிகமாகிவிட்டது.

இரண்டு மருத்துவர்களிடம் காட்டினோம். சிறுநீர், மலம், ரத்தம் எல்லாம் பார்த்தார்கள். பூச்சி மாத்திரை கொடுத்தாயிற்று. ஸ்கேனில் வயிற்றில் சின்னச் சின்ன நெறிகட்டிகள் இருப்பதாக எழுதியிருந்தது. "ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்" என்று ஒரு சிரப் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மாமியார் தொக்கம் எடுக்க வேண்டும் என்கிறார். கணவர், பள்ளியில் யாரோ அடிக்கிறார்கள், போய்ச் சண்டை போடுவோம் என்கிறார். நான் கேட்டுப் பார்த்தேன். "டீச்சர் நல்லவங்கம்மா" என்கிறாள். இது உண்மையான வலியா, பயமா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

ஈரோடு_குமார்

சகோதரி, விடுமுறையில் இல்லாத வலி பள்ளி நாளில் மட்டும் வருகிறது, வேன் போனதும் சரியாகிறது என்றால் அது வலியே இல்லை. பிள்ளை நடிக்கிறது. என் பையனும் இரண்டாம் வகுப்பில் இதைத்தான் செய்தான். ஒரு வாரம் கண்டிப்பாக அனுப்பினோம், நின்றுவிட்டது. வீட்டில் வைத்துக்கொள்ள வைத்துக்கொள்ளத்தான் வலி கூடும்.

ஹரிணி_அம்மா

காலையில் பால் கொடுக்கிறீர்களா? என் பெண்ணுக்குப் பால் குடித்தால் வயிறு வலிக்கும். பாலை நிறுத்திப் பாருங்கள்.

மீனா_மதுரை

@ஹரிணி_அம்மா ஞாயிற்றுக்கிழமையும் அதே டம்ளரில் அதே பாலைத்தான் குடிக்கிறாள், ஒன்றும் ஆவதில்லை. அதனால் பாலாக இருக்காது என்று நினைக்கிறேன்.

குழந்தைநல_மருத்துவர்_தஞ்சை

மீனா, உங்கள் கேள்வியை இரண்டாகப் பிரித்ததில்தான் சிக்கல். உண்மையான வலியா, பயமா என்று கேட்கிறீர்கள். பயத்தால் வரும் வலியும் உண்மையான வலிதான். குடலுக்கென்று தனி நரம்பு வலை உண்டு, அது மூளையோடு ஓயாமல் தொடர்பில் இருக்கிறது. பயப்படும்போது இரைப்பை காலியாவது மெதுவாகிறது, அதனால் குமட்டல், இட்லி இறங்காது. பெருங்குடல் மட்டும் வேகமாக அசைகிறது, அதனால் முறுக்கு வலி, கழிப்பறைக்கு ஓட்டம். தோலுக்குப் போகும் ரத்தம் குறைவதால் கை சில்லிடுகிறது. இப்படி அடிக்கடி நடந்தால் குடல் நரம்புகள் கூர்மையாகி, சாதாரண அசைவையே வலியாக உணரும். எட்டு வயதுக் குழந்தை அழுது நடிக்கலாம். கையைச் சில்லிட வைத்து நடிக்க முடியாது.

"ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்புவது எங்கள் துறையில் இருக்கும் கெட்ட பழக்கம். குழந்தை அதை "நீ பொய் சொல்கிறாய்" என்று கேட்டுக்கொள்கிறது. அடுத்த நாள் வலியை நிரூபிக்க இன்னும் சத்தமாக அழுகிறது.

முதலில் வேறு நோய் இருக்குமோ என்ற கேள்வியை முடித்துவிடுவோம். பிரிஸ்டல் நகரில் ஜான் ஏப்ளி என்ற குழந்தை மருத்துவர் பள்ளிக் குழந்தைகளைப் பார்த்து 1958-ல் எழுதியது இன்றும் எங்களுக்குப் பயன்படுகிறது: பத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய ஒருவருக்கு இப்படித் திரும்பத் திரும்ப வயிற்றுவலி வருகிறது, பெரும்பாலானோரிடம் உடல் நோய் எதுவும் அகப்படவில்லை. வலி தொப்புளைவிட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு தூரம் வேறு நோயைத் தேட வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். விதி என்று பிடித்துக்கொள்ள முடியாது, நல்ல வழிகாட்டி.

நான் உடனே கவலைப்படுவது இவற்றுக்குத்தான்: எடை குறைவது அல்லது உயரம் நின்றுபோவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, மலத்தில் ரத்தம், இரவிலும் வயிற்றுப்போக்கு, பச்சை நிற வாந்தி, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வலது பக்கம் ஒரே இடத்தைக் காட்டும் வலி, மூட்டு வீக்கம், ஆறாத வாய்ப்புண். இவற்றில் ஒன்று இருந்தாலும் பயம் என்று முடிவு கட்டாமல் திரும்பக் காட்டுங்கள். நெறிகட்டிகளைப் பற்றி: ஆரோக்கியமான குழந்தைக்கு ஸ்கேன் எடுத்தாலும் சின்ன நெறிகட்டிகள் தெரியும். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுக் காசநோயோ என்று மாதக்கணக்கில் அலைகிற பெற்றோரை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். எடை சரியாக ஏறுகிறதா, காய்ச்சல் இல்லையா என்று பார்த்த மருத்துவரே பெரிதில்லை என்றால் அதை விட்டுவிடலாம்.

இனி பயத்தைக் கண்டுபிடிப்பது. பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது, ஆகவே பயம்தான் என்று முடிவு செய்யாதீர்கள். பயத்துக்கும் ஆதாரம் வேண்டும். ஒரு நோட்டில் வலி வந்த நேரத்தை மட்டும் எழுதாமல், அதற்கு அடுத்து என்ன நடக்கவிருந்தது என்று எழுதுங்கள். சனி, ஞாயிறும் எழுதுங்கள். வலி வராத நாளையும் எழுதுங்கள், பல நேரம் துப்பு அங்கேதான் கிடைக்கும்.

"ஏன் பயப்படுறே?" என்று கேட்டால் இந்த வயதில் பதில் வராது. ஒரு மாலை நேரத்தில், எழுந்ததிலிருந்து தூங்கும் வரை ஒரு பள்ளி நாளை நீளமான பாதையாக வரையச் சொல்லுங்கள். வீடு, வேன், வாசல், பிரார்த்தனை, ஒவ்வொரு பீரியடு, சாப்பாடு, திரும்பி வருவது. நன்றாக இருக்கும் இடத்துக்குப் பச்சை, கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தால் மஞ்சள், வயிறு வலிக்கிற இடத்துக்குச் சிவப்பு. பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் எந்த நிறம் என்று எடுத்துக்கொடுக்காதீர்கள்.

ரேணுகா_டீச்சர்

நான் அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளியில் பதினைந்து வருடத்துக்கு மேலாகப் பாடம் எடுக்கிறேன். டாக்டர் சொன்னதோடு பள்ளிப் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி வகுப்பாசிரியரிடம் "என் பெண் எப்படி இருக்கிறாள்?" என்று கேட்காதீர்கள். "நல்லாத்தான் இருக்கா" என்ற பதில்தான் வரும். பொய் இல்லை, நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே அமைதியான பிள்ளை நல்ல பிள்ளையாகத்தான் தெரியும். இப்படிக் கேளுங்கள்: வந்ததும் எவ்வளவு நேரத்தில் சகஜமாகிறாள்? எந்த பீரியடில் தண்ணீர் குடிக்க, வெளியே போகக் கேட்கிறாள்? மதியம் யாரோடு சாப்பிடுகிறாள்? சத்தமாக வாசிக்கச் சொன்னால் என்ன செய்கிறாள்?

வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைக்குத் தமிழ் பீரியடு உள்ள நாளில் வலி வரும். வகுப்பில் யாராவது கேலி செய்தால் இடைவேளைக்கு முன்பு வரும். பள்ளியில் கால் வைத்து ஒரு பீரியடுக்குள் சரியாகி, நாள் முழுக்க நன்றாக இருக்கிற பிள்ளைக்கு பெரும்பாலும் பள்ளியில் பிரச்சினை இருப்பதில்லை, வீட்டை விட்டு வருவதில்தான் இருக்கும்.

மீனாவின் கணவர் சொன்னதையும் ஒதுக்க வேண்டாம். குழந்தையை அடிப்பதும் மனதளவில் துன்புறுத்துவதும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி தடை செய்யப்பட்டவை. ஆனாலும் நடக்கின்றன. குறிப்பிட்ட ஒருவர் பெயரைச் சொன்னதும் முகம் மாறுகிறதா, வேனில் ஒரு குறிப்பிட்ட இருக்கையில் உட்கார மறுக்கிறாளா என்று கவனியுங்கள். அப்படி ஏதாவது இருந்தால் குழந்தையைப் பழக்கப்படுத்தும் வேலையை ஆரம்பிக்கவே கூடாது, முதலில் அதை நிறுத்த வேண்டும். 1098-க்கு அழைக்கலாம். ஆனால் தெரியாமலே சண்டைக்குப் போனால் அந்தப் பிள்ளை அடுத்த முறை வாயே திறக்காது.

செந்தில்_நெல்லை

எங்கள் அனுபவத்தையும் சொல்கிறேன். என் மகன் இரண்டாம் வகுப்பில் இதே மாதிரி காலை வலி என்று அழுதான். நாங்களும் பயம் என்றுதான் நினைத்தோம். கடைசியில் மலச்சிக்கல். பள்ளிக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, தண்ணீரும் வராது. காலை ஏழரையிலிருந்து மாலை நாலரை வரை அடக்கி வைத்திருக்கிறான். தினமும் போகிறான் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம், கொஞ்சமாகப் போய்விட்டு வந்திருக்கிறான். ஜட்டியில் கறை இருந்ததை அவன் அம்மா சரியாகத் துடைக்கவில்லை என்று எடுத்துக்கொண்டாள். டாக்டர் மலமிளக்கிக் கரைசலை மாதக்கணக்கில் கொடுக்கச் சொன்னார். காலைச் சாப்பாடு முடிந்து பத்து நிமிடம், காலுக்குக் கீழே முக்காலி போட்டு உட்கார வைத்தோம். வலி போய்விட்டது. விடுமுறையில் வலி இல்லாததற்குக் காரணம் வீட்டுக் கழிப்பறைதான்! ஆகவே பயம் என்று முடிவு செய்யும் முன் இதைப் பாருங்கள்.

குழந்தைநல_மருத்துவர்_தஞ்சை

செந்தில் சொன்னது மிக முக்கியமானது. நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய கேள்வி. மீனா, மலம் கடினமாக, உருண்டையாக வருகிறதா, கழிப்பறையை அடைக்கும் அளவு பெரிதாக வருகிறதா, உள்ளாடையில் கறை உண்டா என்று பாருங்கள். "தினமும் போகிறாள்" என்பது போதாது.

ஆனால் செந்தில், மலச்சிக்கல் இருந்ததால் பயம் இல்லை என்று ஆகாது. தாழ்ப்பாள் இல்லாத கதவை நினைத்து அடக்கியது பயம், அடக்கியதால் வந்தது மலச்சிக்கல். மலமிளக்கி ஒன்றைச் சரிசெய்யும். அந்தக் கதவு அப்படியே இருந்தால் திரும்ப வர வாய்ப்புண்டு.

செந்தில்_நெல்லை

கதவு இன்னும் அப்படியேதான் இருக்கிறது டாக்டர். வீட்டிலேயே போய்விட்டுக் கிளம்பப் பழகிவிட்டான். அதனால் எங்களைப் பொறுத்தவரை பயம் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன், சுத்தமில்லாத இடத்தில் போகாமல் இருப்பது இயல்புதானே. தலைமையாசிரியரிடம் மனு கொடுத்திருக்கிறோம்.

மீனா_மதுரை

இரண்டு வாரம் எழுதினேன். மலம் சாதாரணமாகத்தான் போகிறாள், கறை இல்லை. எடையும் ஏறியிருக்கிறது. நோட்டிலிருந்து சில வரிகள்:

திங்கள், காலை 7.10. சீருடை போட்டதும் வலி. அடுத்து: வேன். டீச்சரிடம் கேட்டேன், பிரார்த்தனை முடிந்ததும் சரியாகிவிட்டாளாம்.

சனி, மாலை 3.40. வலி, குமட்டல். அடுத்து: பரத வகுப்பு. அவளுக்குப் பிடித்த வகுப்பு, அவளே கேட்டுச் சேர்ந்தது.

ஜனவரி 26. அதே சீருடை, அதே பள்ளி, கொடியேற்றத்துக்கு நானும் கூடப் போனேன். வலி இல்லை. இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

ஞாயிறு இரவு. சித்தப்பா வீட்டில் தங்கச் சொன்னார்கள். வலி. கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

இதைப் பார்த்ததும் பள்ளி இல்லை என்று புரிந்துவிட்டது. அப்புறம் பாதை வரையச் சொன்னேன். பள்ளி முழுக்கப் பச்சை அடித்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மஞ்சள். திரும்பி வரும் வேனும் மஞ்சள். எங்கள் தெரு முனையிலிருந்து வீட்டு வாசல் வரை ஒரு விரல் நீளம்தான் இருக்கும், அதை மட்டும் சிவப்பு கிரையானை அழுத்தி அழுத்தித் தாள் கிழியும் வரை அடித்தாள். "இங்க என்னடா கண்ணு?" என்றேன். "வீடு பூட்டியிருந்தா?" என்றாள்.

அக்டோபரில், தீபாவளிக்கு முன்பு, மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். வேன்காரரிடம் சொல்ல முடியவில்லை. பாப்பா இறங்கியபோது கதவு பூட்டியிருந்திருக்கிறது. எதிர்வீட்டு அக்கா பார்த்து உள்ளே கூட்டிப்போவதற்குள் அரைமணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவள் அழக்கூட இல்லை, அதனால் நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது யோசித்தால், தினமும் கிளம்பும்போது "நாலு மணிக்கு வீட்ல இருப்பல்லம்மா?" என்று கேட்பது அதற்குப் பிறகுதான். ராத்திரி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.

இது தெரிந்த பிறகு என்ன செய்வது? "நான் எங்கேயும் போக மாட்டேன்" என்று தினமும் சத்தியம் செய்கிறேன், குறையவில்லை.

குழந்தைநல_மருத்துவர்_தஞ்சை

மீனா, நன்றாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். பிடித்த பரத வகுப்புக்கு முன்பும் வலி, நீங்கள் கூட இருந்தால் அதே பள்ளியில் வலி இல்லை. இந்த இரண்டு வரிகளும் சேர்ந்தால் இது உங்களைப் பிரிவதைப் பற்றிய பயம் என்பதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. அந்தத் தேதியோடும் பொருந்துகிறது. சின்ன வயதில் எல்லாக் குழந்தைக்கும் இந்தப் பயம் கொஞ்சம் உண்டு. எட்டு வயதில், நாலு வாரத்துக்கு மேல் நீடித்து, தூக்கம், பள்ளி, உறவுக்காரர் வீடு எல்லாவற்றையும் தொடுகிறது என்றால் தானாகப் போகட்டும் என்று விடக்கூடாது.

சத்தியம் ஏன் வேலை செய்யவில்லை என்றால், அவள் கேட்பது நீங்கள் இருப்பீர்களா என்பதை அல்ல. இல்லாவிட்டால் நான் என்ன செய்வது என்பதைத்தான். "எங்கேயும் போக மாட்டேன்" என்பது அவளுக்கே பொய் என்று தெரியும், ஒரு நாள் போயிருக்கிறீர்கள். அன்றாடம் பதில் சொல்லச் சொல்ல, கேட்டால்தான் நிம்மதி என்று பழகிவிடுகிறது. அதனால் அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு முறை முழுப் பதில் கொடுங்கள். வீடு பூட்டியிருந்தால் எதிர்வீட்டு அக்கா வீட்டுக்குப் போக வேண்டும், அங்கே உங்கள் எண்ணுக்கு அழைக்க வேண்டும், அந்த எண் பையின் உள்பக்கம் எழுதியிருக்கும். ஒரு சனிக்கிழமை உண்மையாகவே கதவைப் பூட்டிவிட்டு, தெரு முனையிலிருந்து அவளை நடக்கவிட்டு, அக்கா வீட்டு மணியை அடிக்க வைத்து ஒத்திகை பாருங்கள். அதற்குப் பிறகு காலையில் கேட்டால், "பூட்டியிருந்தா என்ன பண்ணுவே, நீயே சொல்லு" என்று மட்டும் கேளுங்கள்.

காலையில் "வயிறு வலிக்குதா?" என்று நீங்களாகக் கேட்பதை நிறுத்துங்கள். 2006-ல் லின் வாக்கர் என்ற அமெரிக்க உளவியலாளரும் உடன் இருந்தவர்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். குழந்தைகளை வயிறு நிறையத் தண்ணீர் குடிக்க வைத்து அசௌகரியத்தை உண்டாக்கினார்கள். பெற்றோரில் சிலரை வலியைப் பற்றியே ஆறுதலாகப் பேசச் சொன்னார்கள், சிலரை வேறு பேச்சுக்குத் திருப்பச் சொன்னார்கள். ஆறுதலாகப் பேசியபோது குழந்தைகள் வலி என்று சொன்னது ஏறக்குறைய இரட்டிப்பானது. பேச்சைத் திருப்பியபோது ஏறக்குறைய பாதியானது. பேச்சைத் திருப்பினால் குழந்தை வருந்தும் என்று பெற்றோர்தான் நினைத்தார்கள், குழந்தைகள் அப்படிச் சொல்லவில்லை.

அவளாகச் சொன்னால் மறுக்காதீர்கள். "வலிக்குது, தெரியுது. பிரார்த்தனை முடிஞ்சா குறையும். ஷூவைப் போடு" என்ற அளவு போதும். பிறகு வேறு பேச்சு. வாசலில் விடைபெறுவது அரை நிமிடம். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் வீட்டில் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் பள்ளி. வீட்டில் இருக்கும் நாளும் படுக்கை, கஞ்சி என்று நோயாளியின் நாளாகவே போகட்டும், டிவி வேண்டாம்.

ஈரோடு_குமார்

ஆக அனுப்பத்தான் வேண்டும் என்கிறீர்கள். நானும் அதைத்தானே சொன்னேன் டாக்டர்.

குழந்தைநல_மருத்துவர்_தஞ்சை

அனுப்பச் சொன்னது சரி குமார், அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். வீட்டில் இருந்தால் பயம் உடனே தணிகிறது, அந்த நிம்மதியே மறுநாள் வலியைக் கூட்டுகிறது. ஆனால் நடிப்பு என்று சொல்லி அனுப்பியிருந்தால் மீனா அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்திருக்கவே மாட்டார். அவள் தினமும் போயிருப்பாள், தினமும் தெரு முனையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கியிருப்பாள். நாளைக்கு ஒரு பிள்ளை வேனில் நடக்கக்கூடாத ஒன்றைப் பற்றி இதே வலி மூலம் சொல்ல முயலலாம். அதையும் நடிப்பு என்று அனுப்பினால் என்ன ஆகும்?

ஈரோடு_குமார்

சரிதான். ஆனால் குமட்டிக்கொண்டிருக்கிற பிள்ளையை வேனில் ஏற்றுவது எந்தத் தாய்க்கும் முடியாது. அந்த இடத்தில் கொஞ்சம் கடுமை வேண்டும், அதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை.

ரேணுகா_டீச்சர்

கடுமை என்பதைவிட, தயங்காமல் இருப்பது என்று சொல்வேன். பிள்ளைகள் நம் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். அம்மா வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால், ஏதோ ஆபத்து இருக்கிறது என்றுதான் நினைக்கும்.

வகுப்பாசிரியரிடம் மூன்று விஷயம் பேசி வையுங்கள் மீனா. வேனிலிருந்து இறங்கியதும் அவளுக்கு ஒரு சின்ன வேலை, வருகைப் பதிவேட்டை எடுத்துவருவது மாதிரி. வலி என்றால் வகுப்பின் பின்பக்கம் பத்து நிமிடம் உட்காரலாம், தண்ணீர் குடிக்கலாம், பிறகு திரும்பி வர வேண்டும். உடனே வீட்டுக்குப் போன் போட வேண்டாம். பள்ளிகள் பயத்தில் போன் போட்டுவிடும், நீங்கள் வந்து கூட்டிப்போவீர்கள், மறுநாள் மதியமே வலி வரும்.

கவிதா_ஓசூர்

என் மகன் எட்டாம் வகுப்பு. அவனுக்கும் வயிற்றுவலியில்தான் ஆரம்பித்தது. இப்போது அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு பள்ளிக்கே போகவில்லை. ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருக்கிறான், பகலில் தூங்குகிறான். வரைபடம் எல்லாம் அவன் வரைய மாட்டான். குமார் சார் சொன்ன மாதிரி கண்டிப்பாகச் சொல்லிப் பார்த்தோம், அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். அவன் அப்பா டிசி வாங்கி வேறு பள்ளியில் சேர்க்கலாம் என்கிறார். யாராவது வழி சொல்லுங்கள்.

குழந்தைநல_மருத்துவர்_தஞ்சை

கவிதா, மீனாவுக்குச் சொன்னதை உங்கள் வீட்டில் செய்யாதீர்கள். இது வேறு நிலை. பதின்மூன்று வயதில் இவ்வளவு நாள் நின்றுபோனால், பயத்தோடு மனச்சோர்வும் சேர்ந்திருக்கலாம். கேலி, மிரட்டல், போனில் பரவிய ஏதாவது ஒன்று, பாடத்தில் பின்தங்கியது என்று காரணமும் ஒன்றாக இருக்காது. மனநல மருத்துவர் ஒருவர் அவனைத் தனியாக உட்கார வைத்துப் பேச வேண்டும், முடிந்தால் குழந்தை மனநலம் பார்ப்பவர். உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். கிளம்ப மறுத்தால் இன்றைக்கே 14416 டெலி மனஸ் எண்ணுக்கு நீங்கள் அழைத்துப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். "செத்துடலாம் போல இருக்கு" என்கிற மாதிரி எதையாவது சொன்னால் காத்திருக்காமல் நேராக மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

டிசியை அவசரப்பட்டு வாங்காதீர்கள். காரணம் அந்தப் பள்ளியில் இருக்கும் ஆட்கள் என்று தெரிந்தால் மாற்றுவது சரி. தெரியாமல் மாற்றினால் புதுப் பள்ளியில் அதே வலி வரும், இந்த முறை தெரிந்த நண்பன் ஒருவன்கூட இருக்க மாட்டான். திரும்பிப் போவது ஒரே நாளில் நடக்காது. மாலையில் ஆளில்லாத பள்ளி வாசல் வரை, பிறகு நூலகத்தில் ஒரு பீரியடு, பிறகு அவனுக்குப் பிடித்த ஒரு பாடம் என்று பள்ளியோடு பேசி ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும். சிலருக்குப் பேச்சு சிகிச்சையோடு மருந்தும் தேவைப்படும். அதை நேரில் பார்ப்பவர்தான் முடிவு செய்ய முடியும்.

கவிதா_ஓசூர்

நன்றி டாக்டர். அவன் அப்பா மனநல மருத்துவர் என்றாலே கோபப்படுகிறார். முதலில் நான் மட்டும் அந்த எண்ணுக்கு அழைக்கிறேன்.

மீனா_மதுரை

எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். பூட்டிய கதவு ஒத்திகை செய்தோம். முதல் தடவை தெரு முனையிலேயே நின்றுவிட்டாள். அடுத்த வாரம் ஓடிப்போய் மணி அடித்தாள். எதிர்வீட்டு அக்கா முறுக்கு கொடுத்தார். இப்போது அவள் பையில் இருக்கும் எண்ணை மனப்பாடமாகச் சொல்கிறாள். காலை வலி போய்விடவில்லை, ஆனால் சீருடை போடும்போது வராமல் வேன் சத்தம் கேட்கும்போதுதான் வருகிறது. பிப்ரவரியில் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை.

மாமியார் தொக்கம் எடுத்துவிட்டார், அதனால்தான் குறைந்தது என்கிறார். நான் வாதம் செய்யவில்லை. வாயில் எதையும் ஊற்றக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டேன். சித்தப்பா வீட்டில் தங்குவது இன்னும் முடியவில்லை.

ஒரு கேள்வி. கணவர், ஜூனில் வேனை நிறுத்திவிட்டு நானே ஸ்கூட்டியில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவரட்டும் என்கிறார். வலி வேனோடு போய்விடும் என்று அவர் எண்ணம். செய்யலாமா?

ரேணுகா_டீச்சர்

என் அனுபவத்தில் வேண்டாம். அம்மா பள்ளி வாசல் வரை வந்தால், பிரிகிற இடம் வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசலுக்கு மாறும், அவ்வளவுதான். அங்கே நாற்பது பிள்ளைகள் பார்க்க அழுவாள். இப்போது வேன் அவளைத் தெரு முனை வரை கூட்டிவருகிறது, அந்தத் தெருவை அவளே நடந்து ஜெயிக்கட்டும்.

குழந்தைநல_மருத்துவர்_தஞ்சை

டீச்சரிடமிருந்து கொஞ்சம் மாறுபடுகிறேன். ஜூன் முதல் வாரத்துக்கு மட்டும், முன்கூட்டியே தேதி சொல்லி, நீங்கள் கொண்டுபோய் விடலாம். நீண்ட விடுமுறைக்குப் பிறகு வலி திரும்ப வரும், அதை எதிர்பார்த்தே இருங்கள். மே மாதக் கடைசி வாரத்திலிருந்தே பள்ளி நேரத்துக்கு எழுப்பிப் பழக்குங்கள், தினம் ஒரு மணி நேரமாவது நீங்கள் இல்லாமல் எதிர்வீட்டிலோ பரத வகுப்பிலோ இருக்கட்டும். இரண்டாம் வாரம் வேன். அந்தத் தேதியை அவளே காலண்டரில் எழுதட்டும்.

ரேணுகா_டீச்சர்

தேதியை மாற்றாமல் இருக்க முடிந்தால் சரி டாக்டர். நான் பார்த்த வீடுகளில் அந்த முதல் வாரம் தீபாவளி வரை நீண்டிருக்கிறது.